கடைக் கண்ணாடியில் ஒரு கோணம்

ஒளி போகும் திசைக்குக் குறுக்கே எல்லாப் பக்கமும் அதிர்கிறது, அதில் ஒரே தளத்து அதிர்வை மட்டும் போலராய்டு வடிகட்டி விடுகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். இப்போது இரண்டு போலராய்டு கூலிங் கிளாஸ்களை ஒன்றின் பின் ஒன்றாகப் பிடியுங்கள். தளவிளைவற்ற வெயில், முதல் கண்ணாடியை எப்படித் திருப்பினாலும், பாதியாகத்தான் வெளியே வரும். அந்தப் பாதியில் எவ்வளவு தப்புகிறது என்பதை இரண்டாவது கண்ணாடியின் திருப்பம் முடிவு செய்கிறது:

I = (I₀/2) cos²θ

மாலஸ் விதி இதுதான். அலையின் வீச்சில் cosθ பங்கு மட்டுமே கடக்கிறது. வெளிச்சமோ வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது. 60 டிகிரி திருப்பினால் வீச்சு பாதி, வெளிச்சம் கால். ஆக, வந்த வெயிலில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். 90 டிகிரியில் இருட்டு. கண்ணாடியின் சாயமும் கொஞ்சம் விழுங்கிவிடுவதால், கையில் கிடைப்பது கணக்கைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

முதல் போலராய்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஜவுளிக்கடையின் முகப்புக் கண்ணாடியே அந்த வேலையைச் செய்யும். கண்ணாடியிலிருந்து 2 அடி தள்ளி நின்று, நேர் எதிரே உள்ள புள்ளியிலிருந்து 3 அடி பக்கவாட்டில், கண் மட்டத்தில் பாருங்கள். மூன்றை இரண்டால் வகுத்தால் 1.5; சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணும் அதுதான். புரூஸ்டர் 1815-ல் கண்ட விதியும் இதையே சொல்கிறது: tan θ = n. கண்ணாடிக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளந்தால் 56 டிகிரி சொச்சம்.

அந்தக் கோணத்தில் தெறிக்கும் கதிரும் கண்ணாடிக்குள் நுழையும் கதிரும் ஒன்றுக்கொன்று செங்குத்து. உள்ளே அதிரும் எலக்ட்ரான்கள், தாம் அதிரும் திசையில் ஒளியை உமிழ்வதில்லை. அதனால் ஒரு வகை அதிர்வு தெறிக்க வழியே இல்லை. திரும்பி வருவது முழுக்க மேலும் கீழுமான அதிர்வு.

இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். கூலிங் கிளாஸை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு பார்த்தால் பிரதிபலிப்பு அப்படியே இருக்கும். அந்தக் கிளாஸ் சாலையில் தெறிக்கும் கிடைமட்ட அதிர்வைத் தடுக்கச் செய்யப்பட்டது. கடைக் கண்ணாடியோ நிமிர்ந்து நிற்கிறது. கழற்றி 90 டிகிரி திருப்பிப் பிடியுங்கள். தெருவும் ஸ்கூட்டர்களும் மறைந்து, உள்ளே மடித்து வைத்த சேலையின் ஜரிகை தெரியும். அப்படியும் மறையாவிட்டால் கோணம் தப்பியிருக்கலாம், அல்லது அது உலோகப் பூச்சுள்ள கண்ணாடியாக இருக்கலாம். வெள்ளி பூசிய நிலைக்கண்ணாடியிலும் இது பலிக்காது.

1921-ல் சி.வி.ராமன் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பியபோது கையில் ஒரு நிக்கோல் பட்டகம் இருந்தது. அதுவும் தளவிளைவாக்கிதான். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று ராலே சொல்லியிருந்தார். தண்ணீருக்குரிய 53 டிகிரியில் பார்த்து, பட்டகத்தைத் திருப்பி, வானத்தின் பிரதிபலிப்பை ராமன் அணைத்தார். நீலம் போகவில்லை, முன்னைவிட அடர்ந்து தெரிந்தது. தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தார்.