விரலில் 99, ஆனால் பெரியவர் கண் திறக்கவில்லை

நாற்பது வருஷம் பீடி பிடித்த, 64 வயதுப் பெரியவர். மூச்சு இரைக்க இரைக்க ராத்திரியில் தூக்கி வந்தார்கள். விரலில் மாட்டிய கருவி 81 காட்டியது. பை வைத்த முகமூடியைப் போட்டு நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்ஸிஜன் திறந்துவிட்டோம். சீக்கிரமே 99 ஆனது.

"இப்ப நல்லாத் தூங்குறாரு டாக்டர்" என்றார் மகன்.

அந்தத் தூக்கம்தான் எனக்குப் பயம் தந்தது. தட்டினால் ஒரு வார்த்தை முனகிவிட்டு மறுபடி கண்ணை மூடினார். கையை நீட்டிப் பிடித்தால் மணிக்கட்டு தொய்ந்து தொய்ந்து துடித்தது. தமனி ரத்தத்தைச் சோதித்தோம். கார்பன் டை ஆக்சைடு 78. இருக்க வேண்டியது 35 முதல் 45. ரத்தம் அமிலமாகி, பி.எச். 7.24-க்கு இறங்கியிருந்தது.

மூச்சுத் திணறல் என்றாலும் உள்ளே கெட்டது எது என்று பார்க்க வேண்டும். நிமோனியாவில் பெரும்பாலும் ஆக்ஸிஜன் உள்ளே போகாது. லேசான குறைவுக்கு மூக்குக் குழாயில் 2 முதல் 4 லிட்டர் போதும்; அதற்கு மேல் தேவைப்பட்டால் முகமூடி. ஆனால் கடுமையாக இரைப்பவர் நிமிடத்துக்கு 30 லிட்டருக்கு மேல் காற்றை இழுப்பார். குழாயில் வரும் 4 லிட்டர் அறைக் காற்றோடு கலந்து நீர்த்துவிடும். சூடாக்கி ஈரமாக்கிய காற்றை 60 லிட்டர் வரை மூக்கில் செலுத்தும் ஹை ஃப்ளோ கருவி அங்கேதான் கைகொடுக்கும். அதிலும் மூச்சு வேகம் சில மணி நேரத்தில் குறையாவிட்டால், வென்டிலேட்டரைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

பீடியால் நுரையீரல் கெட்ட நம் பெரியவருக்குச் சிக்கல் வேறு. கெட்ட காற்று வெளியே போகவில்லை. இப்படிப்பட்ட நுரையீரல், சரியாகக் காற்று போகாத பகுதிகளுக்கு ரத்தத்தைக் குறைத்துச் சமாளிக்கும். அளவில்லாத ஆக்ஸிஜன் அந்த ஏற்பாட்டைக் குலைக்கிறது. கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸ் நோயாளிகளிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், 88 முதல் 92 என்று அளந்து கொடுத்தபோது இறப்பு தெளிவாகக் குறைந்தது.

அவருக்கு ஆக்ஸிஜனை அந்த அளவுக்குக் குறைத்தோம்; நிறுத்தவில்லை. திடீரென்று நிறுத்தினால் முன்பிருந்ததைவிடக் கீழே விழும். கூடவே, முகத்தில் இறுக்கிக் கட்டும் பைபேப். மூச்சை இழுக்கும்போது 14, விடும்போது 5 என்று அழுத்தம் வைத்தோம். களைத்த தசைக்குப் பதில் கருவி தள்ளுவதால் கெட்ட காற்று வெளியேறும். வாந்தி எடுப்பவருக்கு இது ஆகாது; முகமூடிக்குள் வாந்தி வந்தால் நுரையீரலுக்குப் போய்விடும். இவர் அரை மயக்கத்தில் இருந்ததால் ஒரு செவிலியர் நகராமல் பக்கத்திலேயே நின்றார்.

ஒரு மணி நேரத்தில் பி.எச். 7.31 ஆனது. விரலில் 90-தான். பெரியவர் முகமூடியைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது மகனிடம் ஒரு அட்டை கொடுத்தேன்: "88–92 போதும்." அடுத்த ஆம்புலன்ஸில் ஏறியதும் முதலில் அதைக் காட்டச் சொன்னேன்.