ஸ்க்ரோல் லாக் விசைக்கு வந்த வேலை

2021 நவம்பரில் வெளிவந்த இன்டெலின் 12-ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் பலவற்றில் இருவகைக் கோர்கள் இருந்தன: வேகத்துக்குப் பெரியவை, மின்சாரச் சிக்கனத்துக்குச் சிறியவை. எந்த வேலை எதில் ஓடும் என்பதை விண்டோஸ் தீர்மானிக்கும்.

பழைய விளையாட்டுகள் சில இதில் தடுமாறின. அவற்றிலிருந்த திருட்டுத் தடுப்பு மென்பொருள் ப்ராசஸரின் அடையாளத்தைச் சரிபார்க்கும். வேலை சிறிய கோருக்கு மாறியதும் அடையாளம் வேறாகத் தெரிய, ஒரே கணினியை இரண்டாக எண்ணிக்கொண்டது. காசு கொடுத்து வாங்கியவருக்கே விளையாட்டு திறக்கவில்லை, அல்லது பாதியில் நின்றது. எல்லாக் கோர்களும் ஒரே மாதிரி என்று நம்பி எழுதிய நிரல் அது.

இன்டெல் சொன்ன தற்காலிக வழி எளியது. பயாஸில் Legacy Game Compatibility Mode வசதியை இயக்கிவிட்டு, ஸ்க்ரோல் லாக் விசையை அழுத்தினால் சிறிய கோர்கள் ஒதுங்கிக்கொள்ளும். ஆடி முடித்து மீண்டும் அழுத்தினால் வேலைக்குத் திரும்பும்.