மருதோன்றிக் கோன்: பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் ஒரு பருவகால வருமானம்

மீளக்குடியேறிய முதல் இரண்டு, மூன்று வருடங்களில் தோட்டமோ தொழிலோ முழுப் பலனைத் தருவதில்லை. அந்த இடைக்காலத்தில், கை நடுங்காமல் கோடு இழுக்கக்கூடிய ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் மருதோன்றி போடும் வேலை கைச்செலவுக்கு உதவும். இது மாதம் முழுவதும் கிடைக்கும் வேலை அல்ல. நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், வைகாசி, ஆவணி, தை மாதக் கல்யாணங்கள், சாமத்திய வீடுகள் ஆகியவற்றை ஒட்டியே வரும். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணம் இல்லை. நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீடுகளிலும் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை.

பூவும் கொடியும் போடப் பலர் பழகிக்கொள்கிறார்கள். ஆனால் மூன்றாம் நாள் கையில் நிறம் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அடுத்த வீட்டார் கூப்பிடுவார்கள். அந்த நிறம் நீங்கள் குழைக்கும் களியில் இருக்கிறது.

களியைத் தயாரித்தல்

நல்ல தூள் பச்சை நிறமாகவும் காய்ந்த புல்லின் மணத்தோடும் இருக்கும். பழுப்பு நிறமாகிவிட்ட தூள் பழையது, நிறம் தராது. வேலியில் மருதோன்றி நிற்குமானால் இலையை நிழலில் காயவைத்து இடித்து எடுக்கலாம். எந்தத் தூளானாலும் மெல்லிய நைலோன் துணியால் இரண்டு முறை அரியுங்கள். அரிக்காத தூளில் உள்ள நரம்பு, கோனின் வாயை அடைத்துவிடும்.

100 கிராம் தூளுக்குத் தேவையானவை:

- தேசிக்காய்ப் புளியும் தண்ணீரும் சம அளவில் கலந்து ஏறத்தாழ கால் லீற்றர்
- சீனி 2 மேசைக்கரண்டி
- யூக்கலிப்டஸ் எண்ணெய் 4 அல்லது 5 தேக்கரண்டி

தூளில் புளித் தண்ணீரையும் எண்ணெயையும் ஊற்றிக் கட்டியாகக் குழைத்து, காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். நமது வெயிலில் 6 முதல் 8 மணித்தியாலத்தில் சாயம் இறங்கும். களியின் மேற்புறம் கபில நிறமாகி உள்ளே பச்சையாக இருந்தால் அதுவே அறிகுறி. உறுதி செய்ய உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து ஐந்து நிமிடத்தில் துடையுங்கள். செம்மஞ்சள் அடையாளம் விழுந்தால் களி தயார். அதன் பிறகு சீனியைச் சேர்த்து, தயிர் போல வரும்வரை இன்னும் கொஞ்சம் புளித் தண்ணீர் விட்டு அடியுங்கள்.

சீனி, களியைத் தோலோடு ஒட்டவைக்கிறது. ஆனால் மழைக்காலத்தில் அது ஈரத்தை இழுத்துக் கோடுகளைக் கசியவைக்கும். அந்த நாட்களில் பாதி அளவு சீனி போதும்.

செலோபன் தாளைக் கோனாகச் சுற்றி ஒவ்வொன்றிலும் 25 கிராம் அளவு நிரப்பினால், 100 கிராம் தூளில் ஏறத்தாழ 16 கோன் வரும். குளிரூட்டி இல்லாமல் இரண்டு நாளுக்கு மேல் வைத்தால் நிறம் குறையும்.

தவிர்க்க வேண்டிய கறுப்புக் கோன்

ஒரு மணித்தியாலத்தில் கறுப்பு நிறம் தரும் கோன்களும் கடைகளில் கிடைக்கின்றன. மருதோன்றி ஒருபோதும் கறுப்பாகப் பிடிக்காது. அந்தக் கறுப்புக்குப் பெரும்பாலும் தலைமயிர்ச் சாயத்தில் உள்ள பிபிடி என்ற இரசாயனமே காரணம். சிலருக்குச் சில நாட்களில் பூவின் வடிவத்திலேயே கொப்பளம் எழும், தழும்பும் நிற்கலாம். ஒருமுறை அப்படி ஒவ்வாமை வந்தவருக்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் தலைமயிர்ச் சாயம் ஆபத்தாகலாம். எனவே என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத கோனை வாங்கிப் போடாதீர்கள்.

இயற்கை மருதோன்றியையும் கைக்குழந்தைகளுக்குப் போடக்கூடாது. ஜி6பிடி குறைபாடு என்று வைத்தியர் சொல்லியிருக்கும் எவருக்கும் போடக்கூடாது. அவர்களுக்கு அது இரத்தத்தைப் பாதிக்கும். சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எண்ணெய் சேர்க்காத களியைத் தனியாகக் குழையுங்கள். நிறம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை.

கல்யாணத்துக்கு எந்த நாளில் போடுவது?

களியை 6 முதல் 8 மணித்தியாலம் கையில் விட வேண்டும். பிறகு கழுவாமல் சுரண்டி எடுத்து, ஒரு நாள் வரை இயன்றளவு தண்ணீர் படாமல் பார்க்க வேண்டும். எடுத்தவுடன் நிறம் செம்மஞ்சளாகவே இருக்கும். கருஞ்சிவப்பாக மாற இரண்டு நாள் ஆகும். ஆகவே வெள்ளிக்கிழமை கல்யாணம் என்றால் புதன்கிழமை போடுங்கள். முதல்நாள் இரவு போட்டால் படத்தில் செம்மஞ்சள் கைதான் இருக்கும். இதையும், உள்ளங்கையை விடப் புறங்கை எப்போதும் மங்கலாகவே பிடிக்கும் என்பதையும் பெண் வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெருநாள் இரவு: ஒரு மாதிரிக் கணக்கு

புத்தளத்தில் இருந்து முசலிப் பக்கம் திரும்பிய ஒரு குடும்பத்தின் மகள் இந்த வேலையைச் செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பெருநாளைப் பிறை தீர்மானிப்பதால் 29ஆம் நோன்பன்று காலையிலேயே களியைக் குழைத்துவிடுகிறாள். மாலையில் கோன் தயார். பிறை தென்படாவிட்டால் கோன்களைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, மீன் வியாபாரியிடம் வாங்கிய ஐஸோடு றெஜிபோம் பெட்டியில் வைக்கிறாள். மறுநாள் இரவுக்கும் அவை பழுதின்றி இருக்கும்.

விலைகள் இடத்துக்கு இடம் மாறும். கீழே உள்ள தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டவே. தூள் 400 ரூபா, தேசிக்காயும் சீனியும் 150, எண்ணெய் 250, தாளும் டேப்பும் 160 என்றால் மொத்தம் 960 ரூபா. 16 கோன் என்பதால் ஒரு கோன் 60 ரூபா.

இரவு 7 மணி முதல் 12 மணி வரை, ஒரு கைக்கு 15 நிமிடம் என்றால் 20 கை போடலாம். ஒரு கோன் நான்கு கைக்குப் போதும், எனவே 5 கோனுக்குச் செலவு 300 ரூபா. கைக்கு 150 ரூபா வாங்கினால் வரவு 3,000. மிச்சம் 2,700, அதாவது மணித்தியாலத்துக்கு 540 ரூபா.

இதே அளவுகோலால் மணப்பெண் வேலையையும் அளந்து பாருங்கள். முழங்கை வரை இரண்டு கையும் காலும் போட 5 கோனும் 5 மணித்தியாலமும் செல்லும். போய்வர இன்னும் ஒரு மணித்தியாலம். 6 மணித்தியாலத்துக்கு 3,240, கோனுக்கு 300, பஸ்ஸுக்கு 200 என்று கூட்டினால் 3,740 ரூபா. "பிள்ளை, தெரிந்த வீடுதானே, இரண்டாயிரம் தாறோம்" என்று கேட்டால், கோனையும் பஸ்ஸையும் கழித்து ஆறு மணித்தியாலத்துக்கு 1,500 ரூபாதான் கையில் நிற்கும். வேறு வேலை இல்லாத நாளில் அதற்கும் போகலாம். பெருநாளை ஒட்டிய நாளில் போனால் நட்டம். கல்யாண வேலைக்குக் கோன் செலவு அளவுக்காவது முற்பணம் வாங்குங்கள். நாள் மாறினால் களியைத் திரும்பக் குழைக்க வேண்டிவரும்.

பருவம் தொடங்கும் முன்

பழகுவதற்குத் தூளைச் செலவழிக்க வேண்டாம். கோதுமை மாவை அதே பதத்தில் கரைத்துக் கோனில் நிரப்பி, கண்ணாடித் துண்டின் மேல் கோடு இழுத்துத் துடைத்துத் துடைத்துப் பழகலாம். முழங்கையைத் தலையணையில் ஊன்றி, கோனின் நுனி தோலைத் தொடாமல் சற்று மேலே நிற்க, களியின் இழையைக் கீழே படுக்க விடுங்கள். நுனியால் கீறினால் கோடு தட்டையாகிப் பரவும்.

பழகியதும் முதல் கோனை உங்கள் வீட்டாரின் கையில் போட்டு, மூன்றாம் நாள் நிறத்தைப் பாருங்கள். வெளிறி இருந்தால் தூள் பழையதா, களியை நேரத்தோடு எடுத்துவிட்டார்களா, தண்ணீர் பட்டதா என்று ஒவ்வொன்றாக விசாரியுங்கள். தூளில்தான் குறை என்றால் அந்தக் கடையில் மேலும் வாங்காதீர்கள். அந்தச் சோதனையில் நல்ல நிறம் வந்த பிறகு வெளியார் வேலையை ஏற்றால் போதும்.