கணக்கும் வழக்கும் – பழசுக்குப் புதுசு

ஆத்தூர் காமராசர் அணைத் தண்ணீரை நம்பி நெல் விளையும் ஊர் சித்தையன்கோட்டை. அங்கே ஓர் அரிசி ஆலை, தன் பழைய கலர் சார்ட்டரைக் கொடுத்துப் புதியது வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கறுப்பு அரிசியையும் கல்லையும் கேமரா பார்த்துக் காற்றால் தள்ளிவிடும் இயந்திரம் அது. கணக்கு எளிதாக இருக்க ஜி.எஸ்.டி.யை இப்போதைக்கு ஒதுக்கிவிடுகிறேன்.

பழையதை வாங்கிய விலை 12 லட்சம். இதுவரை கழித்த தேய்மானம் 8.5 லட்சம். ஏட்டில் நிற்பது 3.5 லட்சம். புதியதன் பட்டியல் விலை 20 லட்சம். “பழசுக்கு 4 லட்சம் போட்டுக்கிறேண்ணே, 16 மட்டும் குடுங்க” என்கிறார் டீலர்.

புதிய இயந்திரத்தின் அடக்கவிலை என்ன? பெரும்பாலான ஏடுகளில் 16 லட்சம் என்றே ஏறுகிறது, காசோலை அந்தத் தொகைக்குத்தானே போனது என்று. பழைய இயந்திரமோ ஏட்டிலேயே தங்கிவிடுகிறது. கொட்டகையில் இல்லாத பொருளுக்கு வருடாவருடம் தேய்மானம் ஓடும். சொத்துப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆலையை ஒரு சுற்று வந்தால் இது பிடிபட்டுவிடும்.

20 லட்சம் என்று எழுதுவதும் சரியல்ல. பழசு எதுவும் கொடுக்காமல் ரொக்கத்துக்குக் கேட்டால் அதே டீலர் 18.5 லட்சத்துக்குத் தருவார். வெளியில் விற்றால் பழையது 2.5 லட்சம்தான் போகும். ஆக, அவர் சொன்ன 4 லட்சத்தில் 1.5 லட்சம் பழசின் விலையே அல்ல, புதியதற்கான தள்ளுபடி. கணக்குப்பதிவுத் தரநிலை ஏ.எஸ். 10 கேட்பது நியாய மதிப்பை. கொடுத்த பொருளின் மதிப்பு 2.5, பணம் 16, அடக்கம் 18.5 லட்சம். லாரி வாடகையும் பொருத்துக் கூலியும் இதன்மேல் சேரும்.

பதிவு இப்படி வரும்: புதிய இயந்திரம் பற்று 18.5, திரண்ட தேய்மானம் பற்று 8.5, நட்டம் பற்று 1. பழைய இயந்திரம் வரவு 12, டீலர் வரவு 16. இரு பக்கமும் 28 லட்சம். டீலர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தால், 1 லட்சம் நட்டம் 50,000 ரூபாய் லாபமாக மாறியிருக்கும். அந்தப் பொய் லாபத்தை, கூடுதல் தேய்மானமாக அடுத்தடுத்த வருடங்கள் சுமக்கும்.

வருமான வரியில் இந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும். அங்கே இயந்திரங்கள் ஒரே தொகுதி. புதியதன் விலையைக் கூட்டி, பழசுக்குக் கிடைத்ததைக் கழிப்பார்கள். 18.5-இல் 2.5 போனாலும் 20-இல் 4 போனாலும் மிச்சம் 16தான்.

ஜி.எஸ்.டி. அப்படி விடாது. மத்திய ஜி.எஸ்.டி. விதி 27 கைபேசியை வைத்தே விளக்குகிறது: பழைய போனோடு 20,000 ரூபாய் கொடுத்து வாங்கும் புதிய போன், பழசு இல்லாமல் 24,000 என்றால் வரிக்கான மதிப்பு 24,000. நம் ஆலைக்கு அது 18.5 லட்சம். பதிவு பெற்ற ஆலை பழையதைக் கொடுப்பதும் ஒரு விற்பனைதான்; அதற்குத் தனி பில் போட வேண்டும்.

ஆகவே விலைப்புள்ளி வாங்கும்போதே, பழசோடு என்ன விலை, பழசு இல்லாமல் என்ன விலை என்று இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழசுக்கு வெளி வியாபாரி ஒருவரிடமும் விலை கேட்டு, அந்தச் சீட்டையும் கோப்பில் சேருங்கள்.

(தொடரும்)