கடிகாரம் கையில், கணக்கு போனில்

பழைய போனைக் கொடுத்துவிட்டுப் புதுப் போன் வாங்கும் எக்ஸ்சேஞ்சில் ஒரு பரபரப்பான பத்து நிமிடம் உண்டு. டெலிவரி ஊழியர் வாசலில் நிற்பார். புதுப் பெட்டியைக் கொடுக்கும் முன் பழைய போனில் உள்ளதையெல்லாம் அழித்துக் காட்டச் சொல்வார். கையில் ஆப்பிள் வாட்ச் கட்டியிருப்பவருக்கு இந்தப் பத்து நிமிடம் விலை உயர்ந்தது. சில வருட ஓட்டக் கணக்கு மொத்தமாகக் காணாமல் போவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

சென்னையில் வங்கி வேலையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் ஆனது. காலையில் கடற்கரையோரம் ஓடுபவர். 2021 முதல் ஓடிய ஒவ்வொரு நாளும் வாட்சில் பதிவாகியிருந்தது. எக்ஸ்சேஞ்சுக்கு முந்தைய இரவு, கவனமாகவே, ஐபோன் முழுவதையும் லேப்டாப்பில் பேக்கப் எடுத்து வைத்தார். மறுநாள் புதுப் போனில் அதை ஏற்றியதும் புகைப்படங்கள் வந்தன, தொடர்பு எண்கள் வந்தன, குறுஞ்செய்திகளும் வந்தன. வாட்சையும் இணைத்தார். ஃபிட்னஸ் ஆப்பைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. நான்கு வருட ஓட்டத்தில் ஒரு நாள்கூட அங்கே இல்லை.

அவர் பேக்கப் எடுக்க மறக்கவில்லை. லேப்டாப் திரையில் "Encrypt local backup" என்ற வரிக்கு எதிரே இருக்கும் சின்னக் கட்டத்தில் டிக் போடாமல் விட்டதுதான் காரணம். உடல்நலத் தகவல்கள் அந்தரங்கமானவை என்பதால், கடவுச்சொல் போட்டுப் பூட்டாத பேக்கப்பில் ஐபோன் அவற்றைச் சேர்ப்பதே இல்லை. மற்றதெல்லாம் போகும், ஹெல்த் தகவல் மட்டும் போகாது. பேக்கப் முடிந்ததும் எச்சரிக்கை ஏதும் வராததால் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்றே யாரும் நினைப்பார்கள். அந்தக் கட்டத்தில் டிக் போட்டு ஒரு கடவுச்சொல் கொடுத்திருந்தால் ஓட்டக் கணக்கு முழுதும் வந்திருக்கும். அந்தக் கடவுச்சொல்லை எங்காவது எழுதி வைப்பது அவசியம். மறந்துவிட்டால் அந்த பேக்கப்பைத் திறக்க முடியாது.

வாட்சில்தானே ஓட்டம் பதிவாகிறது, அதிலிருந்து புதுப் போனுக்குத் திரும்ப எடுக்க முடியாதா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் வாட்ச் அளந்ததை உடனுக்குடன் ஐபோனில் இருக்கும் ஹெல்த் ஆப்புக்கு அனுப்பிவிடுகிறது. நீண்ட காலக் கணக்குப் புத்தகம் அங்கேதான் இருக்கிறது. அதோடு, வாட்ச் ஒரு போனிலிருந்து முறைப்படி பிரியும்போது தன்னிடம் இருப்பதை முழுவதுமாக அழித்துக்கொள்கிறது.

வாட்ச் முகப்புகளின் கதை வேறு. எந்தெந்த முகப்பு, என்ன நிறம், எந்த மூலையில் இதயத் துடிப்பு, எந்த வரிசை என்ற விவரங்கள் வாட்சுக்கான தனி பேக்கப்பில் சேர்கின்றன. அந்த பேக்கப்பும் ஐபோனுக்குள்தான் இருக்கிறது. ஐபோனை பேக்கப் எடுக்கும்போது அதுவும் சேர்ந்து போகிறது. ஆக, வாட்சின் பேக்கப் போனுக்குள், போனின் பேக்கப் ஐகிளவுடிலோ கணினியிலோ. இந்த அடுக்கு புரிந்துவிட்டால் எதை முதலில் செய்ய வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

புதுப் போனும் பழைய போனும் ஒரே மேசையில் இருக்க வாய்ப்புள்ளவர்களுக்குக் கஷ்டமே இல்லை. பழைய போனில் மென்பொருளைப் புதுப்பித்து, இரண்டையும் அருகருகே வைத்து, நேரடியாகத் தகவலை மாற்றும்போது, இந்த வாட்சையும் புதுப் போனோடு பயன்படுத்த வேண்டுமா என்று திரையே கேட்கும். ஆம் என்று சொல்லிவிட்டு வாட்சை சார்ஜரில் வைத்துப் பக்கத்திலேயே விட்டால் போதும். அந்தக் கேள்வி வராமல் போனால் புதுப் போனில் வாட்ச் ஆப்பைத் திறக்கலாம். பல நேரம் மிச்ச வேலையை அங்கே முடிக்கலாம்.

எக்ஸ்சேஞ்சில் இந்த வசதி கிடையாது. ஒன்று உள்ளே வரும்போதே இன்னொன்று வெளியே போய்விடுகிறது. அதனால் முந்தைய இரவே வேலையை முடித்தாக வேண்டும். முதலில் போன் அமைப்பில் நம் பெயரைத் தொட்டு, ஐகிளவுடுக்குள் போய், ஹெல்த் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இலவச 5 ஜிபி நிறைந்துவிட்டது என்று பலரும் அதை அணைத்து வைத்திருப்பார்கள். வங்கிப் பெண்ணும் அணைத்துத்தான் வைத்திருந்தார். இடம் போதாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. "Transfer or Reset iPhone" பகுதியில் "Prepare for New iPhone" என்பதற்குக் கீழே "Get Started" தொட்டால், புதுப் போனுக்கு மாறுவதற்காக மூன்று வாரம் வரை கூடுதல் இடத்தை ஆப்பிள் இலவசமாகத் தருகிறது. இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அடுத்ததாக வாட்சைப் பிரிக்க வேண்டும். வாட்சும் போனும் அருகில் இருக்கும்போது, போனில் உள்ள வாட்ச் ஆப்பில் "All Watches" போய், வாட்சின் பக்கத்தில் உள்ள "i" குறியைத் தொட்டு, "Unpair Apple Watch" கொடுக்க வேண்டும். சிம் வசதியுள்ள வாட்சாக இருந்தால் திட்டத்தை வைத்துக்கொள்ளவா என்று கேட்கும், வைத்துக்கொள்ளுங்கள். அழிப்பதற்கு முன் போன் ஒரு புத்தம் புது வாட்ச் பேக்கப்பை எடுத்துக்கொள்ளும். வாட்சின் அமைப்புக்குள் போய் நேராக அழித்தால் இந்தப் புது பேக்கப் கிடைக்காது. அவசரத்தில் பலர் செய்யும் தவறு இது.

வாட்ச் பிரிந்த பிறகுதான் ஐபோனை ஐகிளவுடில் பேக்கப் எடுக்க வேண்டும். வரிசை மாறினால், புதிய வாட்ச் பேக்கப் பழைய போனுக்குள்ளேயே தங்கி, மறுநாள் அதோடு சேர்ந்து அழிந்துவிடும். "Back Up Now" கொடுத்து, கீழே தெரியும் கடைசி பேக்கப் நேரம் சற்று முன்புதான் என்று கண்ணால் பார்த்துவிட்டுத் தூங்கப் போகலாம். அடுத்த நாள் காலை வாட்ச் வெறுமையாக இருக்கும். அன்றைய ஓட்டத்தைக் கணக்கில்லாமல் ஓடிவிட வேண்டியதுதான்.

புதுப் போனில் ஐகிளவுட் பேக்கப்பை ஏற்றிய பிறகு வாட்சை இணைக்கும்போது, "Restore from Backup" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புது வாட்சாக அமைப்பது என்ற வழியில் போய்விட்டால் முகப்புகள் திரும்பாது. ஓட்டக் கணக்கு ஹெல்த் வழியே தனியாக வரும், அதற்குப் பாதிப்பில்லை. ஆனால் பல வருடக் கணக்கு ஐகிளவுடிலிருந்து இறங்கச் சில மணி நேரம் ஆகலாம். ஃபிட்னஸ் ஆப் முதலில் காலியாகத் தெரிந்தால் பதறி வாட்சைத் திரும்பப் பிரிக்கக் கூடாது. வைஃபையில், சார்ஜரில், ஒரு ராத்திரி விட்டுவிடலாம்.

முகப்புகளுக்கு மட்டும் இன்னொரு காப்பு உண்டு. 2020இல் வந்த வாட்ச்ஓஎஸ் 7 முதல், முகப்பை அழுத்திப் பிடித்து, பகிரும் குறியைத் தொட்டு, நமக்கே மெயிலில் அனுப்பிவைக்கலாம். பிறகு அந்த மெயிலைத் திறந்து முகப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். ஹெல்த் ஆப்பில் "Export All Health Data" என்று ஒன்று இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்பார்கள். படித்துப் பார்க்கவும் பட்டியலிடவும் அது உதவும். அந்தக் கோப்பை ஹெல்த் ஆப் திரும்ப உள்ளே வாங்கிக்கொள்ளாது என்பதால், அதைக் காப்பாக நம்ப முடியாது. ஆண்ட்ராய்டு போனுக்கு மாறுபவர்களுக்கு இவை எதுவுமே பயன்படாது. ஆப்பிள் வாட்ச் அங்கே இணையவே இணையாது.

அந்தப் பெண்ணின் சக ஊழியர் அடுத்த மாதம் போன் மாற்றினார். பழைய போனைக் கொடுப்பதற்கு முன், தன் முதல் ஓட்டத்தின் தேதியையும் தூரத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். புதுப் போனில் முதல் நாள் மாலை அண்மை மாதங்கள் மட்டுமே தெரிந்தன. மறுநாள் விடிந்ததும் பட்டியலின் அடிவரை விரலால் தள்ளிப் போனார். தாளில் இருந்த அதே தேதி, அதே தூரம் அங்கே இருந்தது. பாஸ்கோடை மட்டும் புதிதாக அமைத்துவிட்டு, வாட்சைக் கட்டிக்கொண்டு ஓடப் போனார்.