‘hi’ என்று மட்டும் வந்தால்…

கோவையில் கிரைண்டர் விற்பதோடு பழுதும் பார்க்கிற ஒரு சின்னக் கடையை எடுத்துக்கொள்வோம். கடையின் வாட்ஸ்அப் எண்ணில் பாட் வைத்திருக்கிறார்கள். இரவு பத்தரை மணிக்கு அதற்கு ஒரு செய்தி வருகிறது: ‘கல்’. வேறு ஒரு சொல்லும் இல்லை. உருளைக் கல் தேய்ந்துபோய்ப் புதிதாக வேண்டுமா, இருக்கிற கல்லையே கொத்தித் தர வேண்டுமா, கல் சுற்றவில்லை என்று சொல்ல வருகிறாரா? கடைக்காரரே கல்லாவில் இருந்தால், “கல்லு கொத்தோணுங்களா, புதுசு மாத்தோணுங்களா?” என்று ஒரே கேள்வியில் விஷயத்துக்கு வந்துவிடுவார். பாட் அந்த இடத்தில் என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்த வாடிக்கையாளர் அடுத்த செய்தியை அனுப்புவதும் அனுப்பாமல் போவதும்.

புரியாதபோது பாட் தருகிற இந்தப் பதிலை ஃபால்பேக் என்பார்கள். சிறு வணிகர்களுக்கு பாட் அமைத்துத் தருபவர்கள் விலைப்பட்டியல், டெலிவரி, கட்டணம் என்று தெளிவான கேள்விகளை எல்லாம் சோதித்துவிட்டுக் கடைசியில்தான் ஃபால்பேக்குக்கு வருகிறார்கள். பல நேரம் ‘hi’ என்று தட்டிப் பார்ப்பதோடு அந்தச் சோதனை முடிந்துவிடுகிறது. ஆனால் கடைக்கு முதன்முதலில் எழுதுகிற யாரும் முழு வாக்கியத்தில் எழுதுவதில்லை. கடையின் பழைய அரட்டையைத் திறந்து முதல் செய்திகளை மட்டும் படித்தால் இது உடனே தெரிந்துவிடும். ‘hi’, ‘rate evlo’, ‘iruka’, ‘நேத்து சொன்னேனே’, தலைப்பில்லாத ஒரு படம், பத்து வினாடிக் குரல் பதிவு, ஒரு கும்பிடு. இவற்றுக்கென்றே தனியாக ஒரு டெஸ்ட் செட் வேண்டும்.

அதை உட்கார்ந்து கற்பனையில் எழுதக் கூடாது. பாட் கட்டியவர் கற்பனையில் எழுதினால் அவருக்குத் தெரிந்த சொற்கள்தான் வரும். எழுத்துப்பிழைகூட அவருக்குப் பழகிய பிழையாகவே இருக்கும். வாட்ஸ்அப்பிலேயே அரட்டையை ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. படங்கள் இல்லாமல் எடுத்தால் வெறும் எழுத்துக் கோப்பாக வரும். அதில் ஒவ்வொரு வாடிக்கையாளரும் நீண்ட இடைவெளிக்குப் பிறகு அனுப்பிய முதல் செய்தியை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். பெயர், தொலைபேசி எண், முகவரி மூன்றையும் அப்போதே நீக்கிவிட வேண்டும். எழுத்தில் மட்டும் கை வைக்கவே கூடாது. ‘எவ்வளவு’ என்ற ஒரு கேள்வி evlo, evalo, yevlo, evvalavu என்று பல உருவில் வரும். அத்தனையும் அப்படியே இருக்கட்டும். படம் விடுபட்டுப்போயிருந்தால் அந்த இடத்தில் ‘படம், எழுத்து இல்லை’ என்று குறித்துக்கொண்டு, சோதனைக்குக் கடையிலேயே அதுபோன்ற ஒரு படத்தை எடுத்துக்கொள்ளலாம். தேய்ந்த பெல்ட்டின் படம் ஒன்று, மாடல் எண் ஒட்டியிருக்கும் அடிப்பகுதி ஒன்று, எதுவும் தெரியாத இருட்டுப் படம் ஒன்று.

சேர்ந்த செய்திகளை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் டெஸ்ட் செட்டின் உயிர் இருக்கிறது. சொல்லை வைத்துப் பிரித்தால் ‘பெல்ட்’ ஒரு கட்டு, ‘விலை’ ஒரு கட்டு என்று ஆகும். அதனால் ஃபால்பேக்குக்கு எந்தப் பயனும் இல்லை. செய்தியில் எது இல்லை என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். ‘rate evlo’ என்பதில் பொருள் இல்லை. ‘பெல்ட்’ என்பதில் பொருள் இருக்கிறது, வேண்டியது என்ன என்பது இல்லை. ‘belt iruka’ என்பதில் இரண்டும் இருக்கின்றன, மாடல் இல்லை. ‘நேத்து சொன்னேனே’ என்பதில் முன்கதை இல்லை. அது பாட்டுக்குத் தெரியாது, கடையில் யாராவது ஒருவருக்குத்தான் தெரியும். ‘hi’ என்பதில் எதுவுமே இல்லை. இல்லாதது எது என்று தெரிந்தால் பாட் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஒரு வரிசை இப்படி இருக்கலாம்:

```
முதல் செய்தி : belt iruka
சூழல்        : புது எண், இரவு 10.30
இல்லாதது     : மாடல்
செய்ய வேண்டும் : மாடலை மட்டும் கேட்க; படம் போதும் எனச் சொல்ல
கூடாது       : விலை சொல்ல; ‘இருக்கு’ என்று உறுதி தர
அடுத்த செய்தி : theriyala
```

இதில் சரியான பதிலின் வாசகம் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வாசகத்தை எழுதி வைத்தால் பாட்டின் பேச்சில் ஒரு சொல் மாறினாலும் தேர்வில் தோல்வி என்று காட்டும். பதில் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும் எழுதியிருந்தால் போதும். ‘கூடாது’ என்கிற வரி முக்கியமானது. மொழி மாதிரியை வைத்து இயங்கும் பாட்கள் எதிரில் இருப்பவரைத் திருப்திப்படுத்தும் ஆர்வத்தில் இல்லாத விலையைச் சொல்லிவிடும், ‘உங்கள் ஆர்டர் தயாராகிக்கொண்டிருக்கிறது’ என்றும் சொல்லிவிடும். அத்தகைய பாட்டில் ஒரே செய்திக்கு ஒவ்வொரு முறையும் பதில் மாறக்கூடும். ஆகவே ஒவ்வொரு வரிசையையும் பலமுறை ஓட்டி, ஒரு முறை தவறினாலும் தவறு என்றே குறிக்க வேண்டும்.

கடைசி வரியான ‘அடுத்த செய்தி’யைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஃபால்பேக் தோற்பது பெரும்பாலும் இரண்டாவது சுற்றில்தான். மாடல் கேட்டால் ‘theriyala’ என்பார்கள். ‘எதற்கு உதவ வேண்டும்?’ என்றால் ‘ஆமா’ என்பார்கள். மறுபடியும் ‘hi’ என்றே போடுவார்கள். அப்போது பாட் முதலில் சொன்னதையே எழுத்து பிசகாமல் திருப்பிச் சொன்னால் வாடிக்கையாளர் போனை வைத்துவிடுவார். இரண்டாவது முறையும் புரியாவிட்டால் ஆளிடம் ஒப்படைப்பதுதான் ஒழுங்கு. இரவு பத்தரை என்றால் ‘உடனே அழைக்கிறோம்’ என்று சொல்லாமல், கடை எப்போது திறக்குமோ அந்த நேரத்தைச் சொல்ல வேண்டும். வரிசையில் நேரம் குறித்திருப்பது இதற்காகத்தான். வாட்ஸ்அப்பின் வணிகச் சேவையில் வாடிக்கையாளரின் கடைசிச் செய்தியிலிருந்து 24 மணி நேரம் வரைதான் கடை தன் விருப்பப்படி எழுத முடியும். அதற்குப் பிறகு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட் செய்திதான் போகும். ஒப்படைத்த செய்தியை மறுநாள் காலை யாராவது கையில் எடுக்கிறார்களா என்பதையும் இந்தச் சோதனையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

‘hi’க்கு வருவோம். எதுவுமே இல்லாத செய்திக்குப் பொத்தான்கள் காட்டுவது வழக்கம். வாட்ஸ்அப்பில் ஒரு பதிலுக்கு மூன்று பொத்தான்கள் வரைதான், ஒவ்வொன்றிலும் 20 எழுத்துக் குறிகள் வரைதான். தமிழில் இந்த இருபது சட்டென்று தீர்ந்துவிடும். கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படுவதே காரணம். ‘புது கிரைண்டர் வாங்க’ என்பது சரியாக 20. ‘புதிய கிரைண்டர் வாங்க’ என்று திருத்தமாக எழுதினால் 21, ஏற்காது. மூன்று பொத்தானில் புதுசு, பழுது, உதிரி பாகம் மூன்றும் அடங்கிவிடும். ஆளிடம் பேச வேண்டியவருக்கு இடம் இருக்காது. அதைப் பொத்தானுக்கு மேலே உள்ள வாசகத்தில் சொல்லிவிடலாம்: ‘வேற எதுன்னாலும் எழுதுங்க, பேசியும் அனுப்பலாம்.’ அப்படிச் சொல்லிவிட்டால் குரல் பதிவு வரும். குரலைப் பாட்டால் கேட்க முடியாதென்றால் அந்த வாக்கியமே பொய்யாகிவிடும். அதனால் ‘hi, பிறகு குரல் பதிவு’ என்பதும் டெஸ்ட் செட்டில் ஒரு வரிசையாக இருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது ஃபால்பேக் வந்தால் எப்படி இருக்க வேண்டும் என்பது. வர வேண்டிய இடத்தில் அது வராமலே போவது இதைவிட மோசம். ‘கல்’ என்ற ஒரு சொல், பயிற்சிக்குக் கொடுத்த ‘கல் கொத்தணும்’ என்பதோடு அழகாகப் பொருந்திவிடும். பாட் சந்தேகமே இல்லாமல் கொத்துக்கூலியைச் சொல்லிவிடும். குட்டையான செய்தி என்பதாலேயே நம்பிக்கை மதிப்பெண் குறையும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. ரஸா என்ற திறந்த மூல மென்பொருளில் ஃபால்பேக்குக்கு இரண்டு அளவுகோல்கள் உண்டு. முதல் ஊகத்தின் மதிப்பெண் 0.3க்குக் கீழே போவது ஒன்று. முதல் இரண்டு ஊகங்களுக்கும் இடைவெளி 0.1க்குள் இருப்பது இன்னொன்று. இவை இயல்பாக அதில் வருகிற எண்கள். ‘கல்’ போன்ற செய்தியைப் பிடிக்க வேண்டியது இரண்டாவது அளவுகோல். ‘கல் மாத்தணும்’ என்பதற்குப் பயிற்சி வாக்கியமே கொடுத்திருக்காவிட்டால் போட்டிக்கு இரண்டாவது ஊகம் இருக்காது, அதுவும் வேலை செய்யாது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ‘2 லிட்டர் டில்டிங் என்ன விலை’ என்று தெளிவாகக் கேட்டவருக்கு மூன்று பொத்தானைக் காட்டினால் எரிச்சல்தான் வரும். அதனால் டெஸ்ட் செட்டில் குட்டையாக இருந்தும் தெளிவான செய்திகளைக் கணிசமாகக் கலக்க வேண்டும். அவை இல்லாவிட்டால், எதைக் கேட்டாலும் ஃபால்பேக்கையே நீட்டுகிற பாட் நூற்றுக்கு நூறு வாங்கிவிடும். இவற்றுக்குள் தனித்து நிற்பது ‘shock adikuthu’. இரண்டே சொல், மாடல் இல்லை, எழுத்தும் ஒழுங்காக இல்லை. மற்ற வரிசைகளின் கணக்கில் இது தெளிவற்ற செய்தி, மாடல் கேட்க வேண்டும். ஆனால் இங்கே பாட் எதையும் கேட்கக் கூடாது. கிரைண்டரைத் தொட வேண்டாம், ஈரக் கை இல்லாமல் சுவர் சுவிட்சை அணையுங்கள் என்று சொல்லிவிட்டு நேரே ஆளுக்கு அனுப்ப வேண்டும். இந்த ஒரு வரிசை தவறினால் மற்றவை எவ்வளவு தேறியிருந்தாலும் பாட்டை வெளியே விடக் கூடாது.

பதில்களுக்கு மதிப்பெண் போடுவதை இருவரிடம் தனித்தனியாகக் கொடுப்பது நல்லது. ஒருவர் கடையில் போன் எடுப்பவராக இருக்கட்டும். அவர் தவறு என்றும் பாட் கட்டியவர் சரி என்றும் போடுகிற வரிசைகளில் பெரும்பாலும் நம் விதிதான் தெளிவாக இருக்காது. ‘நேத்து சொன்னேனே’வுக்குப் பாட் மரியாதையாகப் பெயர் கேட்டிருக்கும். கட்டியவருக்கு அது சரி. நேற்று அத்தனையும் சொல்லிவிட்டுப் போனவரிடம் மறுபடி பெயர் கேட்டால் கோபம் வரும் என்பது போன் எடுப்பவருக்குத்தான் தெரியும்.

60 செய்திகளை ஓட்டி ஒன்றுகூடத் தவறவில்லை என்றால் என்ன அர்த்தம்? புள்ளியியலில் இதற்கு எளிய கணக்கு உண்டு. தவறே வராதபோது மூன்றை எண்ணிக்கையால் வகுத்தால் உண்மையான தவறு விகிதத்தின் மேல் எல்லை ஏறத்தாழக் கிடைக்கும். 95 விழுக்காடு உறுதியோடு சொல்லக்கூடியது அது. 60க்கு அது 5 விழுக்காடு. இருபது பேரில் ஒருவருக்குத் தவறான பதில் போகலாம், நம் சோதனையில் அது தென்படாமலே இருந்திருக்கலாம். 300 செய்திகள் இருந்தால் 1 விழுக்காடு வரை இறங்கலாம். அந்தச் செய்திகள் உண்மையான வரத்திலிருந்து பொறுக்காமல், குருட்டாம்போக்கில் எடுக்கப்பட்டிருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். ஷாக் வரிசை போல வேண்டுமென்றே சேர்த்தவற்றைத் தனிக் கோப்பில் வைத்துத் தனியாக எண்ண வேண்டும்.

தவறிய செய்தியைப் பாட்டின் பயிற்சி வாக்கியங்களில் சேர்த்துவிட்டால் அது அன்றோடு டெஸ்ட் செட்டிலிருந்து வெளியேற வேண்டும். விடை தெரிந்த கேள்வியை மறுபடி கேட்பதில் அர்த்தமில்லை. அதன் இடத்துக்குப் புதியது எங்கிருந்து வரும்? ஃபால்பேக் பதிலுக்குப் பிறகு எதுவும் எழுதாமல் போய்விட்டவர்களின் முதல் செய்தியிலிருந்து. மாதம் ஒருமுறை அவற்றைத் தனியாக எடுத்துப் படித்தால் போதும். தீபாவளி நெருங்குகையில் ‘ஆஃபர் இருக்கா’வும், கடை ஸ்டேட்டஸில் போட்ட படத்துக்குக் கீழே ‘இது’ என்ற ஒற்றைச் சொல்லும் அதிகமாக வரும். எந்தப் படத்துக்குக் கீழே அது வந்தது என்ற தகவல் பாட்டுக்குப் போய்ச் சேருகிறதா என்று முதலில் பாருங்கள். சேராவிட்டால் அந்த வரிசையில் சரியான பதில், படத்தை ஒருமுறை அனுப்பச் சொல்வதுதான்.