கலங்கரை விளக்கத்துக்கு 247-ஆம் கட்டம்

ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் பூமியைத் தாள் தாளாகப் பிரித்து வெளியாகின்றன. சென்னை விழும் தாளின் பெயர் 44PMV. ஒரு பக்கம் 109.8 கிலோமீட்டர். தரையில் பத்து மீட்டருக்கு ஒரு பிக்சல் என்பதால் அகலம் 10,980 பிக்சல், உயரமும் அவ்வளவே. பெருக்கினால் பன்னிரண்டு கோடிக்கு மேல். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். சுருக்காமல் வைத்தால் ஏறத்தாழ 360 எம்பி. இதில் முக்கால்வாசி வங்கக் கடல்.

மெரினா கலங்கரை விளக்கம் இருக்கும் இடத்தைப் பிரவுசரில் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தாளின் இடது ஓரத்திலிருந்து எண்ணினால் சுமார் 2,190-ஆவது பிக்சல், மேலிருந்து எண்ணினால் சுமார் 5,840-ஆவது வரிசை. இதற்காக 360 எம்பியையும் இறக்கிக்கொண்டு கடலைத் தூரப் போடுவது அபத்தம். ஆனால் வெகுகாலம் அப்படித்தான் செய்தோம். இல்லாவிட்டால் படத்தை முன்கூட்டியே ஆயிரக்கணக்கான சின்ன பிஎன்ஜி கோப்புகளாக வெட்டி அடுக்கி வைப்போம். அல்லது கேட்கும்போதெல்லாம் வெட்டிக் கொடுக்க ஒரு வரைபட சர்வரை இரவுபகலாக ஓடவிடுவோம்.

கிளவுட் ஆப்டிமைஸ்டு ஜியோடிஃப், சுருக்கமாக சி.ஓ.ஜி., இந்த மூன்றுமே வேண்டாம் என்கிறது. பெயரைக் கேட்டால் ஏதோ புது ஃபார்மட் போலத் தோன்றும். உள்ளே இருப்பதெல்லாம் பழைய சரக்குதான். டிஃப் 1986-இல் வந்தது. அதில் பூமியின் ஆயத்தொலைகளைச் சேர்த்த ஜியோடிஃப் 1990-களில் வந்தது. ஒரு கோப்பின் குறிப்பிட்ட பைட்களை மட்டும் சர்வரிடம் கேட்டு வாங்கும் வசதியும் அதே பத்தாண்டில் எச்.டி.டி.பி.யில் சேர்ந்துவிட்டது. சி.ஓ.ஜி. செய்வது ஒன்றே ஒன்று: கோப்புக்குள் எது முன்னால், எது பின்னால் என்ற வரிசையை ஒழுங்குபடுத்துவது.

அந்த வரிசை ஏன் முக்கியம் என்பதற்கு சாதாரண ஜியோடிஃப் எப்படி எழுதப்படுகிறது என்று பார்க்க வேண்டும். எதுவும் சொல்லாமல் விட்டால் நம் மென்பொருள்கள் படத்தைப் பட்டை பட்டையாக எழுதும். சென்னைத் தாளில் ஒரு பட்டை என்பது மேற்கு ஓரத்திலிருந்து நடுக்கடல் வரை நீளும் ஒரே ஒரு பிக்சல் வரிசை, 32,940 பைட். கலங்கரை விளக்கத்தைச் சுற்றி 512-க்கு 512 பிக்சல் வேண்டுமென்றால் 512 பட்டைகளை முழுசாக எடுக்க வேண்டும். சேலையின் முந்தானையில் ஒரு மாங்காயைப் பார்க்க முழுச் சேலையையும் உதறிக் காட்டுவது போல. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 17 எம்பி. நமக்குத் தேவையானதோ முக்கால் எம்பிதான்.

ஆகவே முதல் வேலை, பட்டையை விட்டுக் கட்டமாக எழுதுவது. 512-க்கு 512 என்று பிரித்தால் இந்தத் தாளில் குறுக்கே 22, நெடுக்கே 22, மொத்தம் 484 கட்டம். ஒரு கட்டம் தரையில் ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கலங்கரை விளக்கம் பன்னிரண்டாவது வரிசையில் ஐந்தாவது கட்டத்தில் விழுகிறது. வரிசையாக எண்ணினால் 247-ஆம் கட்டம். ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டிருக்கும். பக்கத்துக் கட்டத்தைத் தொடாமலே ஒன்றை மட்டும் விரித்துப் பார்க்கலாம்.

கட்டமாகப் பிரித்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். நானும் நினைத்தவன்தான். முழுத் தாளையும் திரையில் ஒரே பார்வையில் காட்டச் சொன்னபோதுதான் உறைத்தது. திரை ஆயிரம் பிக்சல் அகலம். ஆனால் அந்த ஆயிரத்தைத் தயாரிக்க 484 கட்டத்தையும் இழுத்து, பதினொரு பிக்சலுக்கு ஒன்று என்று இளைக்க வேண்டியிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் வேகம், சிறிதாக்கினால் ஆமை. இந்தத் தலைகீழான மெதுவுதான் ஓவர்வியூ இல்லாத கோப்பின் அடையாளம்.

ஓவர்வியூ என்பது அதே படத்தின் சிறிய படி. அதே கோப்புக்குள் இருக்கும். சென்னைத் தாளுக்கு 5,490, பிறகு 2,745, 1,372, 686, 343 என்று பாதி பாதியாக ஐந்து படிகள். முழுத் தாளைக் காட்ட 1,372 பிக்சல் படி போதும். அதில் ஒன்பதே கட்டம். ஐந்து படிகளையும் சேர்த்தாலும் பிக்சல் எண்ணிக்கை மூலப் படத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கூடும். இந்த இடத்தில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

இனி அட்டவணை. எந்தக் கட்டம் கோப்பின் எந்த பைட்டில் தொடங்குகிறது, எத்தனை பைட் நீளம் என்பதை டிஃப் ஒரு அட்டவணையில் வைத்திருக்கும். டிஃப் விதிப்படி அது கோப்பின் எந்த மூலையிலும் இருக்கலாம். முதல் எட்டு பைட்டில் அதற்கு ஒரு முகவரி இருந்தால் சரி. கோப்பு நம் கணினியில் இருந்தால் இதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. தொலைவில் இருந்தால் ஒவ்வொரு தேடலும் சர்வருக்கு ஒரு நடை. சி.ஓ.ஜி.யில் எல்லா அட்டவணைகளும் தலையிலேயே இருக்கும். அடுத்து ஓவர்வியூக்கள், சிறியது முன்னால். கடைசியாக முழு அளவுப் படம்.

நம் தாளில் 484 கட்டமும் ஓவர்வியூக்களின் 171 கட்டமும் சேர்ந்து 655. ஒவ்வொன்றுக்கும் எட்டு பைட் என்றால் சுமார் 5 கேபி. தொலைவிலுள்ள கோப்பைத் திறக்கும்போது ஜிடால் மென்பொருள் முதலில் கேட்பது 16 கேபி. ஆக ஒரே நடையில் முழு அட்டவணையும் கைக்கு வந்துவிடுகிறது. அடுத்த நடையில் 247-ஆம் கட்டத்தின் பைட்களை நேராகக் கேட்கலாம். இரண்டே கேள்வி. திரை நிரம்ப வேண்டுமென்றால் சுற்றியுள்ள சில கட்டங்களும் சேரும், அவ்வளவுதான். அந்தப் பக்கம் வரைபட மென்பொருள் எதுவும் ஓட வேண்டியதில்லை. கேட்ட பைட்டை எடுத்துக் கொடுக்கத் தெரிந்த எந்தச் சேமிப்பிடமும் போதும்.

இவ்வளவையும் கையால் அடுக்க வேண்டாம். 2020-இல் வந்த ஜிடால் 3.1 முதல் ஒரே கட்டளை போதும்:

```
gdal_translate chennai.tif chennai_cog.tif -of COG -co COMPRESS=JPEG -co QUALITY=85
```

கண்ணால் பார்க்கும் வண்ணப் படத்துக்குத்தான் ஜேபெக். வெப்பநிலை, உயரம் போன்ற அளவீடுகளுக்கு அதைத் தொடக் கூடாது; மதிப்புகளை மாற்றிவிடும். அவற்றுக்கு `DEFLATE`. கோப்பு ஒழுங்காக வந்ததா என்பதற்கு `gdalinfo` கொடுத்துப் பாருங்கள். `LAYOUT=COG` என்ற வரி இருக்க வேண்டும். நேற்று இருந்த வரி இன்று காணவில்லை என்றால், யாரோ கோப்பைத் திறந்து ஏதோ திருத்திவிட்டார்கள் என்று பொருள். டிஃப்பில் திருத்தினால் புதிய அட்டவணை கோப்பின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளக்கூடும். படம் தெரியும், வரிசை போய்விடும். இதற்கு ஒட்டுப்போடாமல் மேலே உள்ள கட்டளையை மூலக் கோப்பில் இன்னொரு முறை ஓட்டுவதே நல்லது.

கோப்பு சரியாக இருந்தும் சர்வர் காலை வாரிவிடலாம். ஒரு முறை மலிவு விலை ஹோஸ்டிங் ஒன்றில் பெரிய கோப்பை ஏற்றிவிட்டு, வரைபடம் ஏன் எழுந்து வர மறுக்கிறது என்று ஒரு மாலை முழுக்க என் கோப்பையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் இதைக் கொடுத்துப் பார்த்தேன்:

```
curl -s -D - -o /dev/null -r 0-16383 https://example.org/chennai_cog.tif
```

பதிலின் முதல் வரியில் 206 வந்தால் கேட்ட துண்டு மட்டும் வந்திருக்கிறது. எனக்கு வந்ததோ 200. அதாவது, துண்டு கேட்டதைச் சர்வர் காதிலேயே வாங்காமல் ஒவ்வொரு முறையும் முழுக் கோப்பையும் அனுப்பத் தொடங்கியிருக்கிறது. பிரவுசரில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பக்கத்தைத் திறந்தாலும் இதே எண் தெரியும். வேறொரு தளத்திலிருந்து படத்தை அழைத்தால் கார்ஸ் அனுமதியும் வேண்டும். இல்லையேல் `curl` 206 சொல்லும், பிரவுசர் மட்டும் வெறும் திரை காட்டும்.

எதற்கும் எல்லை உண்டு. ட்ரோன் படம் போல ஒரு பக்கம் ஒரு லட்சம் பிக்சல் என்றால் கட்டங்கள் முப்பத்தெட்டாயிரத்தைத் தாண்டும். அட்டவணையே நூற்றுக்கணக்கான கேபி ஆகும். அப்போது திறப்பதற்குக் கூடுதல் நடைகள் ஆகத்தான் செய்யும். இன்னொன்று, சென்டினல் தாள் யூ.டி.எம். அமைப்பில் இருக்கிறது, நாம் பார்க்கும் இணைய வரைபடங்கள் வெப் மெர்கேட்டரில். யாராவது ஒருவர் படத்தை வளைத்துப் பொருத்த வேண்டும். ஓப்பன்லேயர்ஸ் போன்றவை பிரவுசரிலேயே செய்துகொள்ளும். அதைத் தவிர்க்க `-co TILING_SCHEME=GoogleMapsCompatible` சேர்த்து மாற்றும்போதே வளைத்துவிடலாம். ஆனால் பிக்சல்கள் புதிதாகக் கணக்கிடப்படும். அளந்து ஆராய வேண்டிய தரவுக்கு நான் அதைச் செய்ய மாட்டேன்.

மெதுவான வரைபடத்தை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். தவறான வரைபடம் வேகமாக வந்து நின்றால்தான் சிக்கல். ஓவர்வியூ உருவாக்க நாலு பிக்சலை ஒன்றாக்க வேண்டும். புகைப்படம் என்றால் சராசரி எடுக்கலாம். நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் எண்கள் அளவு அல்ல, பெயர். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் வேர்ல்டு கவர் வரைபடத்தில் 60 என்றால் வெற்று நிலம், 80 என்றால் நீர். கடற்கரை ஓரத்தில் இரண்டு மணல் பிக்சலும் இரண்டு கடல் பிக்சலும் சேர்ந்தால் சராசரி 70. அந்தப் பட்டியலில் 70 என்பது பனியும் பனிக்கட்டியும். தாளைச் சிறிதாக்கிப் பார்த்தால் கரையோரமாக மெல்லிய பனிக்கோடு ஓடும், பெரிதாக்கினால் மறைந்துவிடும். பெரிதாக்கும்போது மறைகிற வகை எதைக் கண்டாலும் ஓவர்வியூவைத்தான் சந்தேகிக்க வேண்டும். நிறப்பட்டியல் உள்ள கோப்பாக இருந்தால் ஜிடால் தானே பார்த்துக்கொள்ளும். பட்டியல் இல்லாத வெறும் எண் கோப்பைப் புகைப்படமாகவே எண்ணிக் கலந்துவிடும். அதற்கு `-co OVERVIEW_RESAMPLING=MODE` என்று நாம்தான் சொல்ல வேண்டும். நாலில் எது அதிகமோ அதுவே நிற்கும்.